பூட்டச் சொல்லாத நோட்டீஸ்

திங்கட்கிழமை விருதுநகரை அடுத்த சூலக்கரையில் கலெக்டரிடம் கொடுத்த மனு, அந்த வாரமே அழகுமீனாவின் மேசைக்கு வந்துவிட்டது. அரசாங்கத்தில் ஒரு காகிதம் இவ்வளவு சுறுசுறுப்பாக நடந்தால் அதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்றுதான் பொருள். அவள் டீயை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுப் படித்தாள்.

‘எங்கள் பட்டாசு கம்பெனியை வணிகவரித்துறையினர் நோட்டீஸ் கொடுத்துப் பூட்டிவிட்டார்கள். நாங்கள் வேலையில்லாமல் இருக்கிறோம். தீபாவளி சீசன் போய்விடும். ஐயா அவர்கள் தயவுசெய்து கம்பெனியைத் திறந்துவிட உத்தரவிட வேண்டும்.’ கீழே வரிசையாகக் கையெழுத்துகள், பாதிக்குப் பாதி கைநாட்டு. முதல் பெயர் முருகம்மாள்.

அழகுமீனா துணை மாநில வரி அலுவலர். கடலூர்ப் பக்கத்துப் பெண். சித்திரையில்தான் மாற்றலாகி இந்தக் கந்தக பூமிக்கு வந்திருந்தாள். வந்ததும் அவளிடம் ஒப்படைத்த முதல் பெரிய வேலை, வியாபாரிகள் போட்ட ஜிஎஸ்டி கணக்குகளைப் பரிசீலித்து, பொருந்தாத இடங்களுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்புவது. நாற்பது சொச்சம் பேருக்கு அனுப்பியிருந்தாள். அதில் ஒரு சொல்கூடப் பூட்டைப் பற்றியது அல்ல.

மனுவை உதவி ஆணையர் சபரிநாதனிடம் கொண்டுபோனாள். அவர் விருதுநகர்க்காரர். ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்தது. அதுவரை ஒரு கோர்ட் வழக்கும் தன் தலையில் விழக்கூடாது என்பதே அவருடைய ஒரே பிரார்த்தனை.

“நாம எப்பம்மா பூட்டுனோம்? நம்ம பீரோவுக்கே பூட்டு கிடையாது” என்றார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “போய்ப் பாத்துட்டு வாங்க. ஆனா கேட்டுக்கு உள்ள ஒரு கால்கூட வைக்காதீக. வச்சா அது ஆய்வுன்னு ஆயிரும். ஆய்வுக்கு ஜாயின்ட் கமிஷனர் ஆர்டர் வேணும். மனு விசாரணைன்னு சொல்லி, வெளிய நின்னு பேசிட்டு வாங்க” என்றார்.

அப்படித்தான் அழகுமீனா, சாத்தூர் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு மண்பாதையில், கரிசல் காட்டுக்கு நடுவே, ஒரு பட்டாசு கம்பெனியின் வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் போய் நின்றாள். உள்ளே தள்ளித் தள்ளி நிற்கும் ஷெட்டுகளில் ஆள் அரவமே இல்லை. இரும்புக் கேட்டில் பெரிய பூட்டு. பூட்டுக்கு மேலே, மழையில் நனையாமல் பாலிதீன் உறைக்குள் போட்டு, அவளுடைய நோட்டீஸ் ஒட்டப்பட்டிருந்தது. மூன்று பக்கமும் ஒழுங்காக, வரிசை மாறாமல். அடியில் அவளுடைய பெயரும் பதவியும்.

ஊரில் யாருக்கும் காட்டாமல் பீரோவுக்குள் வைக்க வேண்டிய தன் வரிக் கணக்கை ஒருவர் ஊரே பார்க்க வாசலில் ஒட்டி வைப்பார் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மரத்தடியில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கம்பெனி வேன் வராவிட்டாலும், இன்றைக்காவது திறக்குமா என்று பார்க்க நடந்தே வந்தவர்கள். அவர்களில் ஒருத்தி எழுந்து வந்து, ஏற இறங்கப் பார்த்து, “நீங்கதான் பூட்டுன ஆபீசரா?” என்று கேட்டாள். அவள்தான் முருகம்மாள். கேள்வியில் கோபம் இல்லை. ஒரு தகவலுக்காகக் கேட்டாள், அவ்வளவுதான். அதுதான் அழகுமீனாவுக்கு இன்னும் உறைத்தது.

“நான் பூட்டலம்மா” என்றாள்.

“ஒங்க பேருதான போட்டிருக்கு?”

அதற்குள் ஸ்கூட்டரில் முதலாளியம்மா தங்கத்தாய் வந்து இறங்கினாள். ஐம்பதைத் தொடும் வயது. அப்பா வைத்துவிட்டுப் போன சின்ன லைசென்ஸ். தரைச்சக்கரம் மட்டும்தான் செய்கிறாள், ஆனால் வட நாட்டில் அவள் சக்கரம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கும் கடைக்காரர்கள் உண்டு. அழகுமீனாவைக் கண்டதும் கும்பிட்டாள்.

“வாங்க மேடம். பாத்துக்கிடுங்க, ஒரு ஆளு உள்ள இல்ல. கலந்து வச்ச மருந்து ஒரு சிட்டிக இல்ல. நோட்டீஸ் வந்த அன்னைக்கே நிறுத்திட்டோம்” என்றாள், ஏதோ நல்ல பெயர் வாங்கப்போகிறவள் மாதிரி.

“ஏம்மா நிறுத்தினீங்க? யார் நிறுத்தச் சொன்னது?”

தங்கத்தாய் கேட்டில் ஒட்டியிருந்த நோட்டீஸைக் காட்டினாள்.

பிறகுதான் விஷயம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. தங்கத்தாயின் கணக்குகளைப் பார்ப்பவர் சிவகாசியில் இருக்கும் வரி ஆலோசகர் சீனிவாசகம். ஜிஎஸ்டி பதிவில் இருக்கும் போன் நம்பரும் மின்னஞ்சலும் அவருடையதுதான். இங்கே முக்கால்வாசிப் பேருக்கு அப்படித்தான். நோட்டீஸ் வந்த சமயம் அவருக்குக் கண் ஆபரேஷன். வாட்ஸ்அப்பில் அதை அப்படியே தள்ளிவிட்டு, ‘நோட்டீஸ் வந்திருக்கு அர்ஜென்ட்’ என்று மட்டும் எழுதிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். டாக்டர் போனைத் தொடக்கூடாது என்று சொல்லியிருந்ததால் அவர் அதன்பின் யாருக்கும் கிடைக்கவில்லை. தங்கத்தாய்க்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் வரும். கோயம்புத்தூரில் இருக்கும் தங்கை மகனிடம் படிக்கச் சொன்னாள். அவன் நீளமாகப் படித்துவிட்டு, “பெரியம்மா, சட்டப்படி நடவடிக்கை எடுப்போம்னு போட்டிருக்கு” என்றான்.

“அதுக்கு மேல நான் என்னத்தக் கேக்க?” என்றாள் தங்கத்தாய். “எங்க தொழில்ல நோட்டீஸ்னா ஒரே நோட்டீஸ்தான் மேடம். எங்கனயாவது வெடிச்சிருச்சுன்னா மறுநாளு ஆபீசருக வருவாக. ஷெட்டுஷெட்டா பாப்பாக. ஒரு தாளக் குடுப்பாக. அது கைக்கு வந்த நிமிசம் ஆளுகள வெளிய அனுப்பி, கேட்டப் பூட்டி, ஊருக்குத் தெரியுற மாதிரி தாள ஒட்டிரணும். நோட்டீஸ வாங்கி வச்சுக்கிட்டு வேல பாத்தோம்னு ஆச்சுன்னா லைசென்சே போயிரும். அதுலயும் இந்த வார்த்ததான் இருக்கும், சட்டப்படி நடவடிக்கைன்னு. எங்க அப்பா காலத்துல இருந்து இதான்.”

கடலூரில் நோட்டீஸ் என்றால் ஜனங்கள் முணுமுணுப்பார்கள், பெரிய மனிதர்கள் யாரையாவது போனில் கூப்பிடுவார்கள். இங்கே கேட்டைப் பூட்டிவிடுகிறார்கள். தப்பு என்று யாரைச் சொல்வது? உயிரோடு விளையாடும் தொழிலில், புரியாத தாளுக்கு முதலில் கீழ்ப்படிந்துவிட்டுப் பிறகு கேள்வி கேட்பவர்கள்தான் நிலைத்திருக்கிறார்கள். அழகுமீனாவுக்கு அது சட்டென்று புரிந்தது.

“அம்மா, இது வேற நோட்டீஸ். உங்க கணக்குல ஒரு இடம் பொருந்தல, ஏன்னு கேட்டிருக்கேன். அவ்வளவுதான். நீங்க தாராளமா வேலை பார்க்கலாம். இப்பவே திறங்க” என்றாள்.

பெண்கள் எல்லாரும் தங்கத்தாயைப் பார்த்தார்கள். தங்கத்தாய் சாவியைத் தொடவில்லை.

“நீங்க நல்ல மனசோட சொல்றீக மேடம். ஆனா வாயால சொல்றீக. பூட்டச் சொன்னது எழுத்துல இருக்கு. நாளைக்கு வேற ஆபீசரு வந்து, நோட்டீஸ் ஒட்டுன கேட்ட யாரக் கேட்டுத் தொறந்தன்னா, மேடம் மரத்தடியில நின்னு சொன்னாகன்னு சொல்ல முடியுமா? எழுத்துல குடுங்க. இந்த நிமிசம் தொறக்கேன்.”

“அக்கா சொல்றது வாஸ்தவந்தான்” என்றாள் முருகம்மாள். தன் கூலி போய்க்கொண்டிருக்கும்போதும் அதைச் சொன்னாள். பிறகு அழகுமீனாவிடம், “வெரசா குடுங்க தாயி. இந்த மாசத்துக்குள்ள லோடு போகலேன்னா ஆர்டர வேற கம்பெனிக்கு மாத்திருவாக. பெறகு தீவாளி முடிஞ்சுதான் கேட்டு தொறக்கும். அதுவரைக்கும் எங்க வீட்டு அடுப்பு எப்படி எரியும்?” என்றாள்.

அழகுமீனா ஆபீசுக்குத் திரும்பியதும் அந்த நோட்டீஸைத் தன் கணினியில் திறந்து, யாரோ எழுதியதைப் படிப்பதுபோல் படித்தாள். பிரிவு எண், விதி எண், அட்டவணை, மறுபடியும் பிரிவு எண். கேட்கிற கேள்வி இரண்டாம் பக்கத்தின் நடுவில் ஒளிந்துகொண்டிருந்தது. கெடு தேதி ஓர் அடைப்புக்குள். எப்படிப் பதில் சொல்வது என்பதற்கு ஒரு படிவ எண் மட்டும். கடைசியில், குறிப்பிட்ட நாளுக்குள் விளக்கம் வராவிட்டால் உம்மிடம் சொல்ல ஏதுமில்லை என்று கருதி, மேற்கொண்டு தெரிவிக்காமலேயே சட்டப்படி நடவடிக்கை தொடங்கப்படலாம் என்ற வாக்கியம். அந்த ஒன்றுதான் முழு நோட்டீஸிலும் தெளிவாக, சத்தமாகக் கேட்டது. தானே இதை நாற்பது தடவை பட்டனைத் தட்டி அனுப்பியிருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

“சார், இதை மாத்தணும்” என்று சபரிநாதனிடம் போய் நின்றாள்.

“எத? நோட்டீஸயா? அது விதியில இருக்கிற படிவம்மா. போர்ட்டல்ல இருந்து வருது. அதுல ஒரு சொல்ல நாம மாத்துனாலும் கோர்ட்ல நிக்காது. கோர்ட்ல நிக்காட்டி, நான் போய் நிக்கணும்.”

“படிவத்தைத் தொட வேண்டாம் சார். அது அப்படியே போகட்டும். மேல ஒரு பக்கம், தமிழ்ல, விளக்கக் கடிதம். இணைப்பா ஏத்த போர்ட்டல்ல இடம் இருக்கு. தபால்லயும் அனுப்பலாம்.”

அவர் நெற்றியைத் தடவினார். “நோட்டீஸ்ல ஒண்ணு சொல்லி, கடிதத்துல ஒண்ணு சொன்னா?”

“சொல்ல மாட்டேன் சார். நோட்டீஸ்ல இல்லாத எதையும் எழுத மாட்டேன்.”

“புரிஞ்சா ஜனங்க கட்டுவாகன்னு நினைக்கீகளா? பயந்தாத்தாம்மா கட்டுவாக” என்றார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவரிடம் அதுவே பாதி சம்மதம்.

அழகுமீனா உட்கார்ந்து எழுதினாள். முதல் தடவை, ‘மேற்படி அறிவிப்பு கிடைக்கப்பெற்ற நாளிலிருந்து’ என்று ஆரம்பித்தது. பத்து வருஷம் ஆபீஸ் தமிழ் எழுதிய கை, அதுபாட்டுக்கு ஓடியது. படித்துப் பார்த்தாள். இங்கிலீஷில் புரியாததைத் தமிழில் புரியாமல் ஆக்கியிருக்கிறோம் என்று தெரிந்தது. கிழித்துப் போட்டாள். மரத்தடியில் தங்கத்தாயிடம் எப்படிச் சொன்னோமோ அப்படியே எழுதுவது என்று முடிவு செய்தாள். சொல்ல எளிதாக இருந்தது, எழுதத்தான் ஒரு நாள் ஆயிற்று.

‘உங்கள் மார்ச் மாத விற்பனைக் கணக்கில் காட்டிய வரி, அதே மாதத்துக்கு நீங்கள் கட்டிய வரியைவிடக் கூடுதலாக இருக்கிறது. வித்தியாசம் எவ்வளவு என்பது கீழே இருக்கிறது. ஏன் இந்த வித்தியாசம் என்று எங்களுக்குச் சொல்லுங்கள்.

‘இது பணம் கட்டச் சொல்லும் உத்தரவு அல்ல. விளக்கம் கேட்கும் நோட்டீஸ்.

‘ஆகஸ்ட் 14-ஆம் தேதிக்குள் பதில் வேண்டும். கூடுதல் நாள் தேவைப்பட்டால் அந்தத் தேதிக்கு முன்பே எழுதிக் கேளுங்கள்.

‘எங்கள் கணக்கு சரி என்றால், வரியையும் வட்டியையும் கட்டிவிட்டு, கட்டிய விவரத்தைத் தெரிவியுங்கள். உங்கள் கணக்கு சரி என்றால், காரணத்தை எழுதி, பில் நகலோடு அனுப்புங்கள். இரண்டையும் ஜிஎஸ்டி தளத்தில் ஏ.எஸ்.எம்.டி. 11 என்ற படிவத்தில் செய்யலாம். விளக்கம் சரியாக இருந்தால் விஷயம் அத்தோடு முடிந்தது என்று எழுத்தில் தருவோம்.

‘பதில் வராவிட்டால், அடுத்ததாக வரி கேட்டு ஒரு நோட்டீஸ் வரும். அதற்கும் பதில் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.’

அடியில் நோட்டீஸின் எண், தன் பெயர், ஆபீஸ் போன் நம்பர். சபரிநாதன் இரண்டு இடத்தில் சுழித்தார், ஓர் இடத்தில் ‘பரவால்ல’ என்றார். அவர் வாயிலிருந்து அது வந்தால் பதக்கம் வாங்கியது மாதிரி. அழகுமீனாவுக்கு ஒரே சந்தோஷம். அன்றைக்கே தங்கத்தாயை ஆபீசுக்கு வரச் சொன்னாள்.

தங்கத்தாய் வந்தாள், கூடவே முருகம்மாளும். தாளை வாங்கி, விரலை ஓட்டி, சத்தமாகவே படித்தாள். நடுவில் ஓர் இடத்தில் நிறுத்திச் சிரித்தாள்.

“ஏ முருகம்மா, மார்ச்சு மாசமாம்! அந்தக் கடைசி வாரத்து நாக்பூர் லோடுடீ! பில்லு மார்ச்சுல போட்டோம், துட்டு ஏப்ரல்ல வந்துச்சு. சீனிவாசகம் அண்ணாச்சி வரிய ஏப்ரல் கணக்குல சேத்துக் கட்டிட்டாக. அம்புட்டுத்தான! வரி கட்டிருக்கு மேடம், சலான காட்டுறேன்.”

“அப்போ வரி பாக்கி இல்லம்மா. ஒரு மாசம் பிந்திக் கட்டினதுக்கு வட்டி மட்டும்தான் வரும்.”

“வட்டி எங்க தப்புக்கு. அத கட்டிருவோம்.” தங்கத்தாயின் முகம் விரிந்துவிட்டது. தூக்கமில்லாத அத்தனை நாட்களும் ஒரு லோடு பில்லுக்கா என்று வியந்துகொண்டே மிச்சத்தையும் படித்து முடித்தாள். பிறகு தாளைத் திருப்பி, பின்பக்கத்தைப் பார்த்தாள். மறுபடி முன்பக்கம்.

“எல்லாம் நல்லா வெளங்குது மேடம். கேட்டத் தொறக்கலாம்னு எங்கன இருக்கு?”

அழகுமீனாவும் தாளை எட்டிப் பார்த்தாள். “நாங்க மூடவே சொல்லலையேம்மா. மூடச் சொல்லாததை எப்படித் திறக்கச் சொல்றது?”

“அதத்தான் எழுதுங்கங்கேன். மூடச் சொல்லலேன்னு எழுதுங்க.”

முருகம்மாள் நாற்காலியின் நுனிக்கு வந்தாள். “தாயி, எம்புட்டு எழுதியிருக்கீக, ஒங்க கைக்குப் புண்ணியம். ஆனா நாங்க பயந்தது ஒண்ணே ஒண்ணுக்கு. அது மட்டும் இதுல இல்ல.”

எவ்வளவு சரி! துறைக்கு என்ன வேண்டும், எப்போது வேண்டும், எப்படி வேண்டும் என்று ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து அழகாக எழுதியிருக்கிறாள். வாங்குகிறவர் எதை நினைத்து நடுங்குகிறார் என்று அவள் எழுதவில்லை. நேரில் போய், பூட்டைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தும் எழுதவில்லை. பூட்டவில்லை என்பது தனக்கு நன்றாகத் தெரிந்ததால், அது எழுத வேண்டிய விஷயமாகவே அவளுக்குத் தோன்றவில்லை. அந்த இருவரும் கோபித்துக்கொள்ளாமல், கையைப் பிடித்துக் காட்டுவதுபோல் காட்டினார்கள். அழகுமீனாவுக்கு அவர்கள் மேல் சொல்ல முடியாத நன்றி பொங்கியது. “இங்கேயே இருங்க” என்று சொல்லிவிட்டு சபரிநாதன் அறைக்கு ஓடினாள்.

“தொழிலை வழக்கம்போல் நடத்தலாம்னு ஒரு வரி சேர்க்கணும் சார்.”

சபரிநாதன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். “ஐயோ, வேண்டாம்மா! பட்டாசு கம்பெனி நடத்தலாம்னு சொல்ல நாம யாரு? நாளைக்கு வெடிபொருள் துறையோ, ரெவின்யூவோ பூட்டச் சொல்லி, இவுக நம்ம தாளக் காட்டி, வணிகவரி தொறக்கச் சொல்லுச்சுன்னு நடத்தி, ஏதாவது ஒண்ணு ஆயிப்போச்சுன்னா? அது வரி விஷயமில்லம்மா, உசுரு விஷயம்.”

அவர் சொன்னதும் சரிதான். பயந்தாங்கொள்ளி என்று அழகுமீனா மனசுக்குள் பல நாள் திட்டிய மனிதர், அந்தப் பயத்தால்தான் இப்போது அவளை ஒரு பெரிய பிசகிலிருந்து காப்பாற்றினார். அவள் நின்றபடியே யோசித்தாள்.

“அப்போ, நம்ம நோட்டீஸ் என்ன செய்யலைன்னு மட்டும் சொல்வோம் சார். மத்த துறை பத்திப் பேச வேண்டாம்.”

சபரிநாதன் தாளைத் தன் பக்கம் இழுத்து, பச்சை மைப் பேனாவைத் திறந்து, எல்லாவற்றுக்கும் மேலே, தன் கைப்படவே எழுதினார்.

‘இந்த நோட்டீஸில் உங்கள் தொழிலை நிறுத்தச் சொல்லும் உத்தரவு எதுவும் இல்லை. இது வரிக் கணக்கு பற்றியது மட்டுமே. வேறு துறையின் உத்தரவு இருந்தால் அது தனி.’

எழுதிவிட்டு, “இத அடிச்சு, கையெழுத்துப் போட்டு, சீல் வச்சுக் குடுங்க. இவுகளுக்கு மட்டுமில்ல, நாற்பது பேருக்கும் போகட்டும்” என்றார். அழகுமீனா நன்றி சொன்னபோது, “போங்கம்மா, அவுக வெயில்ல போகணும்” என்று கையை ஆட்டினார்.

அன்று மத்தியானமே கேட் திறந்தது. மறுநாள் வேன் போய் ஆட்களை ஏற்றி வந்தது. விட்ட நாட்களைப் பிடிக்க அவசரப்பட்டு வேலை வாங்க முடியாத தொழில் அது. மருந்திடம் யாரும் அவசரம் காட்ட முடியாது. தங்கத்தாய் வட நாட்டு வியாபாரிக்குப் போன் போட்டு, நடந்ததை மறைக்காமல் சொல்லி, ஒரு வாரம் தள்ளிக் கேட்டாள். அவர் நல்ல மனிதர், சரி என்றார். லோடு போயிற்று. சீனிவாசகம் கறுப்புக் கண்ணாடியோடு எழுந்து வந்து, கெடுவுக்கு முன்பே வட்டியைக் கட்டி, சலான் நகலோடு பதிலையும் போட்டார். விளக்கம் ஏற்கப்பட்டது, மேல் நடவடிக்கை இல்லை என்று அழகுமீனா உத்தரவு போட்டாள். அதுவும் இங்கிலீஷ் படிவம்தான். இந்தத் தடவை யாரும் சொல்லாமலே அதன் மேல், ‘உங்கள் விளக்கத்தை ஏற்றுக்கொண்டோம். இந்த விஷயம் முடிந்தது. நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை’ என்று ஒரு தாள் வைத்து அனுப்பினாள்.

மற்றவர்களுக்கும் தாள் போனதும் ஆபீஸ் போன் அடிக்கத் தொடங்கியது. சாத்தூரில் ஒரு தீப்பெட்டிக்காரரும் கேட்டைப் பூட்டி வைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் உக்கிரபாண்டி என்பவர், நோட்டீஸை சாமி படத்துக்கு அடியில் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாராம். “இப்பத்தான் மேடம் என்ன கேக்கீகன்னு வெளங்குச்சு. தப்பு எங்கிட்டதான். ஒரு பில்லு விட்டுப்போச்சு. கட்டிட்டேன்” என்றார். சபரிநாதன் அதைக் கேட்டும் கேட்காத மாதிரி கோப்பைப் புரட்டினார். ஆனால் அன்றைக்கு எல்லாருக்கும் அவர் கணக்கில் வடை வந்தது.

கடைசியாக ஒரு வேலை பாக்கி இருந்தது. கலெக்டர் ஆபீஸ் வழியாக வந்த மனுவுக்கு, மனுதாரருக்கு எழுத்தில் பதில் போட வேண்டும். அதற்கும் ஒரு வழக்கமான வாசகம் உண்டு: ‘தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டு, உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டது.’ அழகுமீனா அதை விட்டுவிட்டு, வேறு எழுதி, சபரிநாதனிடம் நீட்டினாள்.

‘உங்கள் கம்பெனியைப் பூட்ட நாங்கள் சொல்லவில்லை. ஆனால் நாங்கள் எழுதியது புரியாததால்தான் அது பூட்டப்பட்டது. அதற்கு வருந்துகிறோம். இப்போது எல்லாருக்கும் புரியும்படி தமிழில் ஒரு பக்கம் சேர்த்து அனுப்புகிறோம். நீங்கள் மனு கொடுத்திராவிட்டால் எங்களுக்குத் தெரிந்திருக்காது. உங்களுக்கு எங்கள் நன்றி.’

அவர் பேனாவை எடுத்து ‘வருந்துகிறோம்’ என்ற இடத்தைக் கோடு போட்டு அடித்தார். “வருத்தப்பட்டா கேஸ் ஆயிரும்மா” என்றார். பிறகு கடைசி வாக்கியத்தில் பேனா நின்றது. “நன்றி சொல்லக்கூடாதுன்னு எந்த விதியும் நான் படிச்சதில்ல. போகட்டும்.”

ஒரு வாரம் கழித்து, சாயங்காலம், ஆபீஸ் கலையும் நேரத்தில் முருகம்மாள் வந்தாள். வேலை முடிந்து வேனிலிருந்து வழியிலேயே இறங்கியிருக்க வேண்டும், முழங்கை வரை அலுமினியப் பவுடரின் வெள்ளிப் பூச்சு இன்னும் போகவில்லை. கையில் அந்தப் பதில் கடிதம். அதைத் தூசி படாமல் நுனிவிரலால் பிடித்திருந்தாள்.

“தாயி, கோவிச்சுக்காதீக. இத வாசிச்சுக் காட்டச் சொன்னேன். கடைசில ஒரு எடத்துல எங்களுக்கு நன்றின்னு இருக்குன்னு சொன்னாக. நாந்தான் மனு குடுத்தவ, நாந்தான ஒங்களுக்குச் சொல்லணும்? ஆபீசுல மாத்தி அச்சடிச்சிட்டாகளோன்னு கேட்டுட்டுப் போவோம்னு வந்தேன்.”

அழகுமீனா எழுந்து மேசையைச் சுற்றி வந்து, தன் எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“மாத்தி அச்சடிக்கலம்மா. அது உங்களுக்குத்தான்.”

முருகம்மாள் கடிதத்தைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். நாற்காலியில் வெள்ளி ஒட்டிவிடுமோ என்று சேலையை ஒதுக்கிக்கொண்டு, மெதுவாக உட்கார்ந்தாள்.

“அப்ப ஒருவாட்டி நீங்களே வாசிங்க. கேட்டுட்டுப் போறேன்” என்றாள்.